காட்சியிலிருந்து சொல்லுக்கு: கிருஷ்ணகிரி வட்டார நடுகற்களின் மின்படிமங்களில் மாற்று உரையும் ஒலி விவரணையும்

ஆய்வுச் சுருக்கம்

பார்வையற்ற ஆய்வாளர் ஒரு நடுகல்லின் மின்படிமத்தை அணுகும்போது, அவருக்குக் கிடைப்பது படத்துடன் இணைக்கப்பட்ட சொற்கள் மட்டுமே. அச்சொற்கள் மாற்று உரையாகவும், நீள் விவரணையாகவும், காணொலியாயின் ஒலி விவரணையாகவும் மேனிலைத் தரவில் இடம்பெறுகின்றன. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டார நடுகற்களைக் களமாகக் கொண்டு, இவ்விவரணைகளில் கண்டதும் கருதியதும் எவ்வாறு கலக்கின்றன என்பதையும், தமிழின் தொடரமைப்பும் பால் காட்டும் வினைமுற்றும் அக்கலப்பில் வகிக்கும் பங்கையும் இக்கட்டுரை திறனாய்கிறது.

திறவுச்சொற்கள்: மாற்று உரை, ஒலி விவரணை, மேனிலைத் தரவு, நடுகல், திரைவாசிப்பான், கிருஷ்ணகிரி

முன்னுரை

2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டம் நடுகற்கள் செறிந்த நிலப்பகுதி. ஆநிரை மீட்டு வீழ்ந்தவர், புலியொடு பொருது மாண்டவர், கணவனுடன் எரிபுகுந்த பெண் எனப் பலருக்கும் இங்குக் கல் நடப்பட்டுள்ளது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில் கல்வெட்டு மொழியும் ஒன்றாக இல்லை. இக்கற்களின் ஒளிப்படங்கள் இணையத்தில் பெருகியுள்ளன. ஆயினும் படத்தின் மாற்று உரைப் புலம் வெறுமையாக விடப்படுவதும், அதில் கோப்பின் பெயரே நிற்பதும், எல்லாப் படங்களுக்கும் 'நடுகல்' என்ற ஒரே சொல் இடப்படுவதும் வழக்கமாகக் காணப்படும் குறைகள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, தன் 42ஆம் பிரிவில் மின்னணு ஊடகங்களுக்கு ஒலி விவரணையைக் குறிப்பிடுகிறது. இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் முதல் விதியான 1.1.1, உரையல்லாத உள்ளடக்கம் அனைத்திற்கும் நிகரான உரை வேண்டும் என்கிறது. மாற்று உரை வேண்டுமா என்பது இங்கு முடிந்துவிட்ட வினா. அவ்வுரை ஆய்வுச் சான்றாக நிற்கத் தகுமா என்பதே எஞ்சியிருக்கும் வினா.

கண்டதும் கருதியதும்

பார்வையுள்ள ஆய்வாளர் நூலில் ஒரு விளக்கத்தைப் படிக்கிறார். ஐயம் எழுந்தால் படத்தை நோக்கி அவ்விளக்கத்தை மறுக்கிறார். பார்வையற்ற ஆய்வாளருக்கு விளக்கமும் படமும் ஒரே சொற்களில் வந்து சேர்கின்றன. விவரணையாளரின் முடிவு காட்சியாகவே வேடமிட்டு நின்றால், அதை மறுக்கும் வாய்ப்பு அவருக்கு இல்லாமற் போகிறது.

மூன்று அடுக்குகள் கொண்ட நடுகல்லை எடுத்துக்கொள்வோம். கீழடுக்கில் போர், நடுவில் ஓர் உருவத்தை இருபுறமும் பற்றிய இரு பெண்ணுருவங்கள், மேலடுக்கில் இலிங்கத்தின் அருகே அமர்ந்த உருவம் என்பன காணக்கூடியவை. 'அரம்பையர் வீரனை விண்ணுலகுக்கு ஏந்திச் செல்கின்றனர்' என்பது மரபறிவால் பெறப்பட்ட முடிவு. இம்முடிவு பெரும்பாலும் சரியானதே. எனினும் அது நீள் விவரணையில், 'இவ்வடுக்கு ... எனக் கொள்ளப்படுகிறது' என்னும் அடையாளத்துடன் இடம்பெற வேண்டும். மாற்று உரையில் அதற்கு இடமில்லை.

விளக்கம் முற்றிலும் விலக்கப்பட வேண்டியது என்பது இதன் பொருளன்று. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த, மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல்லில் வீரனுடன் ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு கூறுகிறது. இப்படத்திற்கு 'வாளேந்திய வீரன்' என்பது போன்ற உரை எழுதுபவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அக்கல்லின் தனித்தன்மையை விட்டுவிடுகிறார். எதைச் சொல்வது என்னும் தேர்விலேயே திறனாய்வு தொடங்கிவிடுகிறது. 'அருகில் நாய்' என்பது மாற்று உரைக்குரியது. அதன் பெயரும் செயலும் கல்வெட்டுச் சான்றாக நீள் விவரணைக்குரியவை.

ஒரு மாதிரியும் அதன் சிக்கல்களும்

கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பரவலாகக் காணும் புலிக்குத்திக்கல் வகையை மாதிரியாகக் கொள்ளலாம். இவ்வகைப் படத்திற்கு முதலில் எழுதத் தோன்றும் தொடர் இது: 'இடக்கையால் புலியைத் தடுத்து வலக்கையிலுள்ள கத்தியை அதன் வயிற்றில் பாய்ச்சும் வீரனின் நடுகல்.' இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் தமிழில் அடைகள் முன்னும் தலைச்சொல் பின்னும் வருவதால், எதைப்பற்றிய தொடர் என்பது இறுதிச் சொல்லில்தான் தெரிகிறது. கண்ணால் படிப்பவர் தொடரின் முடிவை ஒரு நொடியில் எட்டிப் பார்ப்பார். திரைவாசிப்பான் வழியே கேட்பவர் எல்லா அடைகளையும் நினைவில் தாங்கிக் காத்திருக்க வேண்டும். ஆகவே பொருளின் வகையைத் தனித்தொடராக முதலில் நிறுத்துவது தமிழ் மாற்று உரைக்கு இன்றியமையாதது:

'புலிக்குத்திக்கல். இடப்புறம் ஆண் உருவம். வலப்புறத்திலிருந்து எழும் புலியின் வயிற்றில் கத்தியைப் பாய்ச்சுகிறது. மேல்விளிம்பில் மூன்று வரி எழுத்துகள், தேய்ந்துள்ளன.'

இவ்வுரையில் மூன்று முடிவுகள் அடங்கியுள்ளன. முதலாவது, இடம் வலம் என்பன காண்பவரின் இடமும் வலமும். சிற்ப நூல்கள் சிற்பத்தின் வலக்கையை வலக்கை என்பதால், கையைக் குறிக்கும்போது சிற்பத்தின் பக்கமும் படத்தின் பரப்பைக் குறிக்கும்போது காண்பவரின் பக்கமும் என்ற வேறுபாட்டைத் தொகுப்பின் முகவுரையில் ஒருமுறை அறிவிக்க வேண்டும். இரண்டாவது, எழுத்துகளின் வாசகம் இங்குத் தரப்படவில்லை. படத்தில் படிக்க இயலாததை மைப்படியைக் கொண்டு படித்து மாற்று உரையில் இட்டால், படம் தெளிவாக உள்ளது என்ற பொய்த்தோற்றம் எழும். மூன்றாவது, 'வீரன்' என்ற சொல் தவிர்க்கப்பட்டுள்ளது. அதன் காரணம் அடுத்த பகுதியில் விளக்கப்படுகிறது.

நீளம் பற்றியும் ஒரு குறிப்பு தேவை. மாற்று உரைக்கு ஏறத்தாழ 250 குறியீடுகள் என்பது ஒளிப்பட மேனிலைத் தரவில் பின்பற்றப்படும் வரம்பு. தமிழில் உயிர்மெய்யும் மெய்யும் பெரும்பாலும் இரு ஒருங்குறிக் குறியீடுகளாகப் பதிவாகின்றன. 'புலிக்குத்திக்கல்' என்பது தமிழ்க் கணக்கில் 9 எழுத்துகள். கணினிக் கணக்கில் 17 குறியீடுகள். எனவே ஆங்கிலத்திற்கு வகுத்த வரம்பு தமிழ் எழுதுபவருக்குக் கணிசமாகக் குறுகிவிடுகிறது. மேற்கண்ட மாதிரி ஏறத்தாழ 160 குறியீடுகள் கொண்டது.

உரை எங்கே வாழ்கிறது

வலைப்பக்கத்தின் மீயுரையில் எழுதும் மாற்று உரை அப்பக்கத்துக்கே உரியது. படம் பதிவிறக்கப்பட்டு வேறிடம் சென்றால் உரை உடன் செல்வதில்லை. 2021இல் பன்னாட்டுச் செய்தித் தொலைத்தொடர்பு மன்றத்தின் ஒளிப்பட மேனிலைத் தரவுத் தரத்தில் மாற்று உரைக்கும் நீள் விவரணைக்கும் தனித்தனிப் புலங்கள் சேர்க்கப்பட்டன. இவை கோப்பினுள்ளேயே பொதிபவை. ஒரே புலத்தில் பல மொழிகளின் உரையை அடுத்தடுத்து ஏற்பவை. தமிழ் உரைக்கு `ta`, கன்னட உரைக்கு `kn` எனக் குறியிட்டு ஒரே படத்தை இரு மாநில வாசகருக்கும் வழங்கலாம் என்பதால் எல்லைப் பகுதித் தொகுப்புகளுக்கு இது பொருந்துகிறது.

```
exiftool -XMP-iptcCore:AltTextAccessibility-ta="புலிக்குத்திக்கல். ..." nadukal.jpg
```

ஆனால் இதில் ஒரு தவறான நம்பிக்கை ஒளிந்துள்ளது. கோப்பில் பொதிந்த உரையை உலாவி தானாகத் திரைவாசிப்பானிடம் கொடுப்பதில்லை. தளத்தின் மென்பொருள் அதை எடுத்து மீயுரையில் இட வேண்டும். படத்தைச் சிறிதாக்கும்போது மேனிலைத் தரவையே அழித்துவிடும் மென்பொருள்களும் உண்டு. ஆகவே இரண்டாவது படி கட்டாயமாகிறது:

```
<img src="nadukal.jpg" lang="ta" alt="புலிக்குத்திக்கல். ...">
```

மொழிக்குறி இல்லாத ஆங்கிலப் பக்கத்தில் தமிழ் உரை இருந்தால், ஒலிப்பான் அதை ஆங்கிலக் குரலிலேயே கையாள முயலும்; சொற்கள் எழுத்தெழுத்தாகச் சிதறும், அல்லது ஒலிக்காமலே போகும். பணியைச் சோதிக்கும் எளிய வழி, திரையை அணைத்துவிட்டுப் பக்கத்தைக் கேட்பது.

கல் கிடைத்த இடத்தை மாற்று உரையில் திணிப்பதும் தவிர்க்கத்தக்கது. பழைய பதிவுகளில் 'தருமபுரி மாவட்டம்' என்றிருக்கும் ஊர்கள் பல இன்று கிருஷ்ணகிரியைச் சார்ந்தவை. அருங்காட்சியகத்துக்குப் பெயர்ந்த கற்களும் உள்ளன. படம் எடுத்த இடத்துக்கும் படத்தில் காட்டப்படும் இடத்துக்கும் அதே தரத்தில் வெவ்வேறு புலங்கள் இருப்பதால், இடத்தகவலை அவற்றில் பதிவதே முறை.

வினைமுற்றின் தீர்ப்பு

ஆங்கில விவரணையாளர் ஒருவரின் பாலைக் கூறாமலே அவர் நடப்பதைச் சொல்லிவிடலாம். தமிழில் படர்க்கை வினைமுற்று திணை, பால், மதிப்பு ஆகியவற்றைக் காட்டியே தீரும். 'நிற்கிறான்', 'நிற்கிறாள்', 'நிற்கிறார்' ஆகியவற்றுள் எதைத் தேர்ந்தாலும் அது ஒரு தீர்ப்பு. தேய்ந்த கல்லில் ஆணா பெண்ணா என்பதே ஆய்வுச் சிக்கலாக இருக்கையில் வினைமுற்று அதை முடித்துவைத்துவிடுகிறது. 'உருவம்' என்னும் அஃறிணைச் சொல் இங்கு உதவுகிறது. 'உருவம் நிற்கிறது' என்பது பாலையும் தகுதியையும் திறந்தே வைக்கிறது. 'வீரன்' என்ற சொல்லோ ஆண்பாலையும் வீரத்தையும் ஒருங்கே அறுதியிடுகிறது. பால் தெளிவாகத் தெரியும் இடத்தில், மேற்கண்ட மாதிரியில் உள்ளதுபோல், 'ஆண் உருவம்' எனக் கண்டதாகவே கூறலாம்.

இதே சிக்கல் காணொலியில் சமூகச் சிக்கலாக மாறுகிறது. ஓசூர்த் தொழிற்பேட்டை ஆலை ஒன்றின் பாதுகாப்புப் பயிற்சிக் காணொலிக்கு ஒலி விவரணை எழுதுபவர் 'மேலாளர் வருகிறார். தொழிலாளி பொறியின் அருகே நிற்கிறான்' என எளிதாக எழுதிவிடக்கூடும். காட்சியில் இல்லாத உயர்வுதாழ்வு விகுதியின் வழியே நுழைந்துவிடுகிறது. இருவருக்கும் 'ஆர்' விகுதியை ஒப்ப வழங்குவது நடுநிலை. ஒருவருக்கு மட்டும் வழங்குவது விளக்கம்.

ஒலி விவரணைக்குக் காலமும் ஒரு தளை. பேச்சில்லாத இடைவெளியில்தான் அது அமைய முடியும். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் எனக் கணக்கிடுவது, ஒட்டுநிலை மொழியாகிய தமிழுக்குப் பொருந்தாது. 'வலப்புறத்திலிருந்து' என்னும் ஒரு சொல் ஆங்கிலத்தின் மூன்று சொற்களின் வேலையைச் செய்து அதற்கேற்ற காலத்தையும் எடுக்கிறது. அசைகளை எண்ணுவதே தக்கது. நடுகல்லைக் காட்டும் காணொலியில் உரையாசிரியரின் பேச்சுக்கிடையே நான்கு நொடி கிடைத்தால், மாற்று உரையை அப்படியே வாசிக்க இயலாது. 'ஆண் உருவம், எழும் புலியின் வயிற்றில் கத்தி' என வினையின்றி நிற்கும் பெயர்த்தொடர் அங்குப் பொருந்தும். காலத்தை மிச்சப்படுத்தும் இத்தொடர் வினைமுற்றின் தீர்ப்பையும் தவிர்க்கிறது. இடைவெளியே இல்லாத காணொலியில் படத்தை நிறுத்திவைத்து விவரிக்கும் நீட்டித்த ஒலி விவரணையே வழி. திரையரங்கப் படங்களுக்கான அணுகல் தரங்களை ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. அதன்பின் தமிழில் இப்பணி விரியுமாயின், விகுதித் தேர்வுக்கான நெறியும் உடன் வகுக்கப்பட வேண்டியிருக்கும்.

முடிவுரை

மாற்று உரையும் ஒலி விவரணையும் படத்தின் ஓரத்தில் ஒட்டும் சீட்டுகளல்ல. பார்வையற்ற ஆய்வாளரைப் பொறுத்தவரை அவையே மூலம். வகையை முன்னிறுத்தல், கண்டதைக் கருதியதிலிருந்து பிரித்தல், சிதைவைச் சிதைவாகவே கூறுதல், விகுதியைத் தீர்ப்பாக உணர்ந்து தேர்தல் ஆகிய நான்கும் மூலத்தின் நம்பகத்தைக் காப்பவை. ஒரு விவரணையைக் கேட்டபின், 'இவ்வுருவம் பெண்ணாகவும் இருக்கலாமே' என்று பார்வையற்ற ஆய்வாளர் ஒருவர் வினவ முடிந்தால் அவ்விவரணை தன் பணியைச் செய்துள்ளது. வினவ இடமின்றி முடிந்துவிட்ட விவரணை, எவ்வளவு அழகாக அமைந்திருப்பினும், அவருடைய ஆய்வை இன்னொருவர் செய்து முடித்துவிட்டதாகவே பொருள்படும்.