வளைவில் நிற்கும் குவியாடி

டெல்டாவில் பல சாலைகள் ஆற்றுக்கரையையும் வாய்க்கால் கரையையும் ஒட்டிப் போகின்றன. நீர் வளைகிற இடத்தில் சாலையும் வளையும். மூங்கில் புதரோ வாழைத்தோப்போ எதிர்ப்புறத்தை மறைத்துவிடும். அத்தகைய திருப்பத்திலும், தஞ்சாவூரின் குறுகிய சந்து முனையிலும் பயன்படுவது குவியாடி. வெளிப்புறம் புடைத்த பரப்பு என்பதால், சமதளக் கண்ணாடியைவிடப் பல மடங்கு அகலமான காட்சி அதில் அடங்குகிறது. அதற்கான விலை, பிம்பம் சிறுத்துப்போவது.

ஆடியின் வளைவு ஆரம் 2 மீட்டர் என்று கொள்வோம். குவியத்தூரம் 1 மீட்டர். 20 மீட்டர் தொலைவில் வரும் 3 மீட்டர் உயரப் பேருந்தின் பிம்பம் 21 மடங்கு சிறுத்து, ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் ஆகிறது. ஆடியிலிருந்து 10 மீட்டரில் நிற்பவர் கண்ணுக்கு அது, நேரில் 230 மீட்டருக்கு அப்பால் உள்ள பேருந்தின் அளவே இருக்கும். உண்மையில் பேருந்து வரவேண்டிய வழி மொத்தம் 30 மீட்டர்தான். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடிகூட ஆகாது.

வேடிக்கை என்னவென்றால், பிம்பம் ஆடிக்குப் பின்னே 1 மீட்டருக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் மனம் உருவத்தின் அளவை வைத்தே தொலைவை எடைபோடுகிறது. அதே பேருந்து 40 மீட்டரில் இருந்தபோது பிம்பம் 7 சென்டிமீட்டர்தான். ஆகவே அளவைவிட, பிம்பம் பெரிதாகும் வேகமே நம்பத்தக்க அடையாளம். மார்கழிப் பனி படிந்த காலையில் அதுவும் தெரியாது, ஹாரன்தான் துணை.