சட்டமும் சங்கமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீர்திருத்த இயக்கங்களை மதிப்பிடுவோர் பலர், தலைவர்களின் நெஞ்சுரத்தை வியந்து பாராட்டுவதோடு அமைந்துவிடுகின்றனர். எவர் எதனைப் பெற்றார், எவர் எதனை இழந்தார் என்னும் கணக்கைப் பார்ப்பவர் சிலரே.

வங்காளத்து ஈசுவரசந்திர வித்யாசாகரர் வடமொழிப் புலவர். கைம்பெண் மறுமணத்திற்குப் பராசர ஸ்மிருதியில் இடமுண்டு என நிறுவினார், அரசுக்கு விண்ணப்பித்தார். 1856 சூலையில் மறுமணச் சட்டம் நிறைவேறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் கல்கத்தாவில் முதல் திருமணம் நிகழ்ந்தது. பல திருமணங்களின் செலவைத் தாமே ஏற்றுக் கடனாளியானார் அப்பெருந்தகை. தம் மகனுக்கும் 1870இல் கைம்பெண் ஒருத்தியையே மணமுடித்தார். சொல்லும் செயலும் ஒன்றான வாழ்வு அது, ஐயமில்லை.

எனினும், சட்டத்தின் இரண்டாம் பிரிவைப் படித்தல் வேண்டும். மறுமணம் செய்துகொண்ட பெண், இறந்த கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை, தானே இறந்துபட்டாற்போல இழந்துவிடுவாள் என்கிறது அது. மேற்சாதியினரிடையே மறுமணம் விலக்கப்பட்டிருந்தது உண்மையே. ஆனால் உழைக்கும் சாதிகள் பலவற்றில் அது வழிவழி வந்த வழக்கம். அவர்களுக்கு இச்சட்டம் தேவைப்படவே இல்லை. இருந்தும், வழக்கப்படி மணந்த அப்பெண்களும் சொத்தை இழப்பர் என்றே கல்கத்தா, பம்பாய், சென்னை உயர்நீதிமன்றங்கள் கருதின. அலகாபாத் நீதிமன்றம் மட்டும் மாறுபட்டது. சிலரின் தளை தறிக்க வந்த வாள், வேறு சிலரின் கையிலிருந்த உரிமையையும் அறுத்தது! மேற்சாதிக் குடும்பங்களிலோ மறுமணம் பெருகவில்லை. சாதிவிலக்கு என்னும் அச்சத்தைச் சட்டம் தொடவேயில்லை.

மராட்டியத்துச் சோதிராவ் புலே நடந்தது வேறு வழி. தோட்டக்காரச் சாதியில் பிறந்த அவர், நூல்களிடம் சான்று கேட்கவில்லை. அவற்றின் அதிகாரத்தையே மறுத்தார். 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி கண்டார். துணைவியார் சாவித்திரிபாய் அதில் ஆசிரியரானார். கருவுற்ற பார்ப்பனக் கைம்பெண்கள் அஞ்சிச் சிசுக்கொலை செய்யாதிருக்கத் தம் இல்லத்திலேயே புகலிடம் அளித்தார். அங்குப் பிறந்த குழந்தையொன்றைத் தத்தெடுத்தும் வளர்த்தார். 1873இல் அவர் நிறுவிய சத்திய சோதக சமாசம், புரோகிதரின்றித் திருமணம் நடத்தும் முறையைப் பரப்பிற்று. சிற்றூர்க் குடியானவனும் அரசாணைக்குக் காத்திராமல் தன் வீட்டிலேயே செய்யக்கூடிய சீர்திருத்தம் இது.

இதற்கும் எல்லையுண்டு. 1890இல் புலே மறைந்தபின் சமாசம் தளர்ந்தது. கோலாப்பூர் மன்னர் சாகுவின் ஆதரவால் அடுத்த நூற்றாண்டில் அது மீண்டும் தழைத்தபோது, நிலமுடைய மராட்டியரின் கை ஓங்கிற்று. புரோகிதர் வேண்டாம் என்றவர்களிற் பலர், தாங்கள் சத்திரியர் எனப் பெருமை பேசத் தலைப்பட்டனர். தீண்டப்படாதார் விடுதலை பின்னுக்குப் போயிற்று. 1930களில் அவ்வியக்கத்தார் பலர் காங்கிரசில் கலந்தனர்.