பேச வைத்திருந்ததை முன்னவர் பேசிவிட்டால்

தமிழ்நாட்டில் ஒரு நூல் வெளியீட்டு விழாவின் அழைப்பிதழை எடுத்துப் பார்த்தால் வரிசை ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். வரவேற்புரை, தலைமையுரை, நாலைந்து வாழ்த்துரைகள், பிறகு சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை. அதிகம் தயாரித்துக்கொண்டு வருபவர் சிறப்புரையாளர்தான். ஆனால் அவர் முறை வரும்போது அவர் சொல்ல நினைத்ததில் பாதியை மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள், கேட்பவர்களும் களைத்திருப்பார்கள். திருக்குறளின் அவையறிதல் அதிகாரம், மூத்தோர் கூடிய அவையில் அவர்களை முந்திப் பேசாத அடக்கத்தை நன்மைகளுள் நன்மை என்கிறது. நம் மேடையிலோ மூத்தவருக்குக் கடைசி இடம். அது அவருக்குச் செய்யும் மரியாதை என்றாலும், அந்த இடத்தின் சிரமத்தை யாரும் அவரிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை.

“எனக்கு முன் பேசியவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்” என்று தொடங்கி, கையிலுள்ள தாளை முதல் வரியிலிருந்தே படிக்கும் பேச்சுகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். முன்னவர் சொன்னதை அவர் கவனித்திருக்கிறார். ஆனால் கவனித்தது பேச்சுக்குள் வரவில்லை. அப்படி வர வழி உண்டா என்ற கேள்வி மேடைக்கலையில் மிகப் பழையது.

கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கர் அல்கிடமாஸ், எழுதிவைத்துப் பேசுபவர்களைக் கடுமையாகத் தாக்கி ஒரு உரை எழுதினார். கேட்பவர்கள் இன்னும் கொஞ்சம் கேட்க விரும்பும்போது எழுதிவந்தவர் முடித்துவிடுவார், போதும் என்று அவர்கள் நினைக்கும்போது நீட்டிக்கொண்டிருப்பார் என்பது அவர் குற்றச்சாட்டு. எழுதியதையும் அப்போது தோன்றியதையும் கலந்து பேசினால் ஒரு பகுதி செதுக்கியதாகவும் ஒரு பகுதி மெலிந்ததாகவும் தெரியும் என்று இன்னொன்றும் சொன்னார். இரண்டாவதுதான் கூர்மையானது. தாளை விட்டு விலகிப் பேசிவிட்டு மீண்டும் தாளுக்குத் திரும்புபவரின் குரலைக் கவனியுங்கள். வேகம் கூடும், வாக்கியம் நீளும், கண் தாழும். ஒட்டுப்போட்ட இடம் அவையில் எல்லோருக்கும் கேட்டுவிடும்.

ரோமானியர்கள் இதற்குச் செய்முறையே எழுதினார்கள். கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டில் எழுதப்பட்டு, நெடுங்காலம் சிசரோவுடையதாகக் கருதப்பட்டு வந்த ஒரு கையேடு ஹெரென்னியஸ் என்பவருக்காக எழுதப்பட்டது. நேரடியாகத் தொடங்காமல் சுற்றிவந்து தொடங்க வேண்டிய சூழ்நிலைகள் மூன்று என்கிறது அது. நம் தரப்பு அவைக்கு உவப்பில்லாததாக இருப்பது ஒன்று. மற்ற இரண்டும் நம் விஷயத்துக்கே உரியவை: முன்னால் பேசியவர்கள் அவையைத் தம் பக்கம் இழுத்துவிட்டிருப்பது, கேட்டுக் கேட்டு அவை களைத்திருப்பது. முன்னவர்கள் இழுத்துவிட்ட அவைக்கு, முன்னவர் சொன்னதிலிருந்தே, அதிலும் கடைசியாகச் சொன்னதிலிருந்தே தொடங்கு என்கிறது. களைத்த அவைக்குச் சிரிப்பூட்டும் ஒன்றைச் சொல்லலாம் அல்லது தயாரித்து வந்ததை விட்டுவிட்டு வேறுவிதமாகப் பேசப்போவதாக அறிவிக்கலாம் என்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவைகள் களைத்துப்போயிருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கையேடு சொல்லாததைப் பிற்பாடு ரோமானியப் பேச்சுக்கலை ஆசிரியர் குவிண்டிலியன் சொன்னார். அந்த நேரத்தில் நல்லது ஒன்று தோன்றினால், தயாரித்ததைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அதைத் தள்ளிவிடாதே. ஆனால் எளிதில் விட்டு விலகவும் எளிதில் திரும்பவும் ஏற்றபடி உன் தயாரிப்பு இருக்க வேண்டும். என் பார்வையில் இந்தத் துறையின் மையக் கருத்து இதுதான். மேடையில் மாற்ற முடியுமா என்பது பெரும்பாலும் வீட்டில் எப்படித் தயாரித்தோம் என்பதிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

இதற்கு உலகறிந்த உதாரணம் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரை. சுமார் இரண்டரை லட்சம் பேர். வெயிலில் நாள் முழுவதும் பேச்சும் பாட்டும் கேட்டிருந்தார்கள். கிங் ஏறக்குறைய கடைசிப் பேச்சாளர். எழுதி முடித்த உரை கையில் இருந்தது. முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட அதைப் பின்பற்றித்தான் பேசினார். முடிவை நெருங்கும்போது, ஊர் திரும்பி ஆக்கபூர்வமான அதிருப்தியை வளர்க்கும் ஒரு சங்கத்தின் உறுப்பினர்களாகச் செயல்படுவோம் என்ற பொருளில் கனமான வாக்கியம் ஒன்று தாளில் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. மிசிசிப்பிக்குத் திரும்புங்கள், அலபாமாவுக்குத் திரும்புங்கள் என்று ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பேசினார். பாடகி மஹேலியா ஜாக்சன் பின்னாலிருந்து, அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்ததை அருகில் இருந்தவர்கள் பிற்பாடு நினைவுகூர்ந்தார்கள். அங்கிருந்து தாளில் இல்லாத கனவுப் பகுதி தொடங்கியது.

இதை அந்தக் கணத்தில் பிறந்த அற்புதம் என்று சொல்வது வழக்கம். அது சரியல்ல. 1962 நவம்பரில் வட கரோலினாவின் ராக்கி மவுண்டில் அந்தக் கனவுப் பகுதியின் ஒரு வடிவத்தைப் பேசியிருந்தார். 1963 ஜூன் 23 அன்று டெட்ராய்ட்டிலும் பேசினார். முன்பு பலமுறை பயன்படுத்திய ஒன்று திடீரென நினைவுக்கு வந்தது, இங்கே சொல்லத் தோன்றியது என்று அவரே பிறகு சொன்னார். பலமுறை வாயால் சொல்லிப் பழகிய பகுதி என்பதால்தான் ஒட்டுப்போட்ட இடம் கேட்கவில்லை. அல்கிடமாஸின் குற்றச்சாட்டுக்கு இதுவே பதில். மேடையில் புதிதாக ஒன்றை உருவாக்கத் தேவையில்லை. முன்பே பேசிப் பழகியவற்றிலிருந்து சரியானதை எடுக்கத் தெரிந்தால் போதும்.

இனி நம் மேடைக்கு வருவோம். ஒரு சிறுகதைத் தொகுப்பின் வெளியீடு என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணி என்று போட்டிருக்கும் கூட்டம் ஆறே முக்காலுக்குத் தொடங்குகிறது. பத்து நிமிடம் என்று கேட்டுக்கொள்ளப்பட்ட வாழ்த்துரைகள் இருபது நிமிடம் ஓடுகின்றன. நாற்பது நிமிடச் சிறப்புரைக்குத் தயாராக வந்தவர் எழும்போது மணி எட்டரை. ஒன்பதுக்கு அரங்கைக் காலி செய்ய வேண்டும், ஏற்புரையும் பாக்கி. அவருக்கு உண்மையில் இருப்பது பதினைந்து நிமிடம்.

அவர் தயாரித்து வந்தவை ஐந்து: ஆசிரியரின் ஊரும் வாழ்க்கையும், கதைகளில் வரும் வட்டார வழக்கு, பெண் பாத்திரங்கள், தலைப்புக் கதையின் முடிவு, தமிழ்ச் சிறுகதை மரபில் இந்தத் தொகுப்பின் இடம். முதல் பேச்சாளர் ஆசிரியரின் வாழ்க்கையைச் சொல்லிவிட்டார். இரண்டாமவர் வட்டார வழக்கு அருமை என்று பாராட்டினார், உதாரணம் தரவில்லை. மூன்றாமவர் தலைப்புக் கதையை முழுக்கச் சொன்னார். நான்காமவர் பெண் பாத்திரங்கள் எல்லோரும் சகித்துக்கொள்பவர்கள் என்றார். சிறப்புரையாளருக்கு அது உடன்பாடில்லை.

இவற்றை அழைப்பிதழின் ஓரத்தில், பேசியவரின் சொற்களிலேயே இரண்டிரண்டு வார்த்தைகளாகக் குறித்துக்கொள்வதுதான் முதல் வேலை. “வழக்கு அருமை – உதாரணம் இல்லை”, “எல்லோரும் சகிப்பவர்கள்” என்று எழுதினால் போதும். அப்படிக் குறித்தவுடன் ஒன்று விளங்கும்: ஒரே கருத்தைத் தொட்ட எல்லோரும் ஒரே வேலையைச் செய்துவிடவில்லை. வாழ்க்கை வரலாறு முழுதாகச் சொல்லப்பட்டுவிட்டது, அதைத் தயங்காமல் விட்டுவிடலாம். வட்டார வழக்கின் பெயர் மட்டும்தான் வந்தது, அதைக் காட்டும் வேலை அப்படியே இருக்கிறது. தலைப்புக் கதையை மூன்றாமவர் சொன்னது ஒரு வசதி. கதைச் சுருக்கத்துக்கு ஒதுக்கியிருந்த ஐந்து நிமிடம் மிச்சம், நேரே முடிவுக்குப் போகலாம். நான்காமவரின் கூற்றோ இருப்பதில் மிக மதிப்புள்ளது. அவையின் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும் ஒரு கருத்துக்கு மறுபக்கம் இவரிடம் இருக்கிறது. பழைய ரோமானியக் கையேடு சொன்ன தொடக்கம் இதுவேதான்.

பெரும்பாலானவர்கள் இங்கே செய்யும் தவறு, ஐந்து பகுதிகளையும் மூன்றில் ஒன்றாகச் சுருக்கி வேகமாகச் சொல்ல முயல்வது. சுருக்கும்போது முதலில் விழுவது உதாரணம். மிஞ்சுவது முன்னவர்கள் சொன்ன அதே பொதுக்கருத்து. ஆகவே பகுதிகளைச் சுருக்காமல் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். நம் சிறப்புரையாளர் இப்படித் தொடங்கலாம்: “எனக்கு முன் பேசிய நண்பர், இந்தக் கதைகளின் பெண்கள் எல்லோரும் சகிப்பவர்கள் என்றார். தலைப்புக் கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் அவரோடு சேர்ந்து இன்னொருமுறை பார்க்க விரும்புகிறேன்.” பிறகு அந்தப் பக்கத்தில் அவள் என்ன செய்கிறாள், என்ன வழக்கில் பேசுகிறாள் என்று நிதானமாகக் காட்டுகிறார். வட்டார வழக்கும் பெண் பாத்திரமும் முடிவும் ஒரே பக்கத்தில் சேர்ந்துவிடுகின்றன. மரபு பற்றிய பகுதியை வேறொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மறுப்பதில் முன்னவர் மனம் நோகக் கூடாது. அவர் பெயரைச் சொல்லி, அவர் சொன்னதைச் சரியாகச் சொல்லி, நூலை முன்னே வைத்து மறுத்தால் நோகாது.

இதற்குத் தாளும் தோதாக இருக்க வேண்டும். இருபது பக்கங்களைத் தொடர்ச்சியாக எழுதி, ஒவ்வொரு பத்தியையும் “மேலே சொன்னபடி” என்று முந்தியதோடு கட்டியிருந்தால் ஒன்றை உருவ முடியாது, உருவினால் மற்றதும் சரியும். ஒரு பகுதிக்கு ஓர் அட்டை, அதில் கருத்து ஒரு வரி, அதைக் காட்டும் உதாரணம், பக்க எண் என்று வைத்திருப்பவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வரிசையை மாற்றிவிடலாம். முடிவு வாக்கியம் மட்டும் எந்தப் பகுதிக்குப் பின்னாலும் பொருந்தும்படி தனியாக இருக்க வேண்டும். நேரம் போய்விட்டால் எங்கிருந்தும் அதற்குத் தாவலாம்.

அவையின் மனநிலையே மாறிவிட்டால் கதை வேறு. 1968 ஏப்ரல் 4 அன்று இண்டியானாபொலிஸில் தேர்தல் பிரசாரக் கூட்டத்துக்கு வந்த ராபர்ட் கென்னடிக்கு, கிங் கொல்லப்பட்ட செய்தி வந்து சேர்ந்தது. கூட்டத்தில் பலருக்கு அது தெரியாது. அவர் பிரசார உரையை முழுதாகக் கைவிட்டார். தட்டிகளைக் கீழே இறக்கச் சொல்லிவிட்டு, செய்தியை முதலிலேயே சொன்னார். பிறகு ஐந்து நிமிடம் போல, தன் அண்ணன் கொல்லப்பட்டதையும் குறிப்பிட்டுப் பேசினார். அன்றிரவு அமெரிக்காவின் பல நகரங்களில் கலவரம் வெடித்தது, இண்டியானாபொலிஸில் வெடிக்கவில்லை. அதற்கு அந்தப் பேச்சு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அன்று வரிசையை மாற்றுவதோ பகுதிகளைக் குறைப்பதோ போதாது என்பதை அவர் அறிந்திருந்தார். அப்படிப்பட்ட நேரத்தில் அவையின் மனத்தில் இருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். அரங்கில் ஓர் இரங்கல் செய்தி வாசிக்கப்பட்ட பின், தயாரித்துவந்த நகைச்சுவையோடு தொடங்குபவரை அவை கேட்பதே இல்லை.

மாற்றக் கூடாதவையும் உண்டு. புள்ளிவிவரம், ஆண்டு, மேற்கோள், நன்றி சொல்ல வேண்டியவர்களின் பெயர்கள் ஆகியவற்றை நினைவிலிருந்து எடுக்காமல் தாளிலிருந்தே படிக்க வேண்டும். பத்திரிகைகளுக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்ட உரையில் கொள்கை அறிவிப்பு இருந்தால், அந்தப் பகுதியை எழுதியபடியே சொல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பேசுபவர் கூட்டத்தின் தொடக்கத்திலிருந்தே அரங்கில் இருக்க வேண்டும். தம் முறைக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்து, பேசியவுடன் கிளம்பும் விருந்தினருக்கு எந்தக் கையேடும் உதவாது. விழா நடத்துபவர்கள் யார் எந்தக் கோணத்தில் பேசுவது என்று ஒரு வாரம் முன்பே பேச்சாளர்களைக் கலந்து முடிவுசெய்யுங்கள். சிறப்புரையாளரை ஆறு மணிக்கே வரச் சொல்லுங்கள். வர இயலாது என்பவருக்கு வரிசையில் முதல் இடத்தைக் கொடுத்துவிடுங்கள்.