அட்டையில் இருக்கும் நெசவாளி, அட்டையில் இல்லாத தார்

சுந்தரபாண்டியம் பருத்திச் சேலை வாங்கி இணையத்தில் விற்கிற தோழி ஒருத்தி, தன் பக்கத்தில் போட்ட பதிவுகளை அனுப்பி, "ஏன் ஓட மாட்டேங்குது, படிச்சுப் பாருங்க"ன்னு கேட்டாள். விளம்பரத்துக்கென்று மாதம் ஐந்நூறு ரூபாய்கூட ஒதுக்க முடியாத வியாபாரம் அவளுடையது. பதிவில் சொல்வதுதான் அவளுக்கு இருக்கிற ஒரே விளம்பரம். அதனால் ஒரு கதையை விமர்சிப்பது போலவே அந்தப் பதிவுகளை வாசித்தேன்.

பதினெட்டுப் பதிவுகள். பன்னிரண்டில் 'பாரம்பரியம்' வருகிறது, ஒன்பதில் 'அன்போடு'. குழித்தறியில் குனிந்திருக்கும் ஒரு வயதானவர், ஜன்னல் வெளிச்சம், பின்னணியில் வீணை. சேலை எந்த ஊருக்குச் சொந்தமானது என்பதே கடைசி வரியில்தான் தெரியவருகிறது. ஊர்ப் பெயரை மாற்றி நெகமம், சின்னாளபட்டி என்று போட்டால் ஒரு எழுத்துகூடத் திருத்த வேண்டாம். என் முதல் புகார் அதுதான்.

இந்த வகைக் கதைசொல்லலுக்கு நம்மிடமே நல்ல முன்மாதிரி உண்டு. உ. சகாயம் கோ-ஆப்டெக்ஸ் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், பட்டுச் சேலையோடு ஒரு சின்ன அட்டை வைத்தார்கள். நெய்தவரின் படம், பெயர், வயது, எத்தனை வருட அனுபவம், அந்தச் சேலைக்கு எத்தனை நாள் ஆனது. அவ்வளவுதான். வாங்கியவர்களே அந்த அட்டையைப் படமெடுத்துப் பகிர்ந்தார்கள். அச்சிடும் செலவைத் தவிர வேறு செலவில்லாத விளம்பரம். 'அன்போடு' என்ற வார்த்தை இல்லாமலே அது வேலை செய்ததற்குக் காரணம், அட்டையில் இருந்த ஒவ்வொன்றும் வேறு சேலைக்குப் பொருந்தாது என்பதுதான்.

'எத்தனை நாள்' என்ற வரி ஏன் பிடிக்கிறது என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. 2004-இல் க்ரூகரும் மூவரும் ஒரே கவிதையைச் சிலரிடம் 4 மணி நேரத்தில் எழுதியது என்றும், வேறு சிலரிடம் 18 மணி நேரம் பிடித்தது என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 18 மணி நேரம் என்று கேட்டவர்கள் அதையே மேலான கவிதை என்றார்கள். தரத்தை நேரடியாக எடைபோட முடியாத இடத்தில் இந்தச் சாய்வு கூடுகிறது. கைபேசியில் சேலை வாங்குகிறவர் துணியைத் தொட முடியாதவர், ஆகவே இந்தச் சாய்வுக்கு நன்றாக ஆட்படுவார். ஆனால் இதே காரணத்தால் அந்த எண் பொய் சொல்லவும் வசதியானது. விசைத்தறிச் சேலைக்கும் 'பத்து நாள் உழைப்பு' என்று எழுதிவிடலாம், யாருக்குத் தெரியும்? தோழியின் ஒரு பதிவிலும், சாதாரணக் கட்டச் சேலைக்கு 'பத்து நாள்' என்று இருந்தது. அங்கேதான் நான் நின்றேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜாக்கெட் துணியோடு 6.3 மீட்டர், அதாவது 248 அங்குலம். அங்குலத்துக்கு 64 ஊடை என்று வைத்தால், நாடா ஏறக்குறைய 16,000 முறை ஓட வேண்டும். நிமிடத்துக்கு 40 வீச்சு என்றால் 400 நிமிடம், ஏறக்குறைய ஆறே முக்கால் மணி நேரம். இழை அறுந்தால் முடிச்சுப் போடுவது, தார் தீர்ந்தால் மாற்றுவது, நெய்த துணியைச் சுற்றுவது எல்லாம் சேர்த்தால் ஒன்றரை நாள், தாராளமாக இரண்டு நாள். ஒவ்வொரு அங்குலத்திலும் புட்டா கோக்கிற சேலை என்றால் பத்து நாள் ஆகலாம். வெறும் கட்டத்துக்கு ஆகாது. 'பத்து நாள்' என்று எழுதியவளை விவரம் தெரிந்த ஒரே ஒரு பாட்டி பின்னூட்டத்தில் கேள்வி கேட்டால் போதும், மற்றப் பதினேழு பதிவும் சேர்ந்து சாயும்.

மாறாக, 'இதில் நாடா ஏறக்குறைய 16,000 முறை ஓடியிருக்கிறது. ஓர் அங்குலத்தில் ஊடையை எண்ணிப் பாருங்கள்' என்று எழுதலாம். பூதக்கண்ணாடியும் ஒரு ஊசியும் இருந்தால் வீட்டிலேயே எண்ணலாம்.

இன்னும் எளிய சோதனை, சமையலறைத் தராசு. 80-ஆம் நம்பர் நூல் கிலோவுக்குச் சுமார் 135 கிலோமீட்டர் நீளம் வரும். அங்குலத்துக்கு 80 பாவு இழை, 47 அங்குல அகலம் என்றால் 3,760 இழை, 6.3 மீட்டருக்கு 23.7 கிலோமீட்டர். ஊடை 19 கிலோமீட்டர். இரண்டும் சேர்த்து 43 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, எடை 315 கிராம். இழை வளைந்து ஓடுவதாலும் கஞ்சியாலும் சில கிராம் கூடும், ஜரிகைக் கரை இருந்தால் கணக்கே மாறும். அதே அடர்த்தியில் 60-ஆம் நம்பர் என்றால் 420 கிராமுக்கு வந்துவிடும். '80-ஆம் நம்பர்' என்று சொல்கிற ஒருவர் எடையையும் பதிவில் போட்டால், வாங்குகிறவர் வந்த பார்சலைத் தராசில் வைத்துப் பார்ப்பார். இது கைத்தறியா விசைத்தறியா என்று சொல்லாது. நூலைப் பற்றிய சொல் உண்மையா என்று மட்டும் சொல்லும். அந்த எல்லையையும் பதிவிலேயே எழுதச் சொன்னேன்.

என் இரண்டாவது புகார் இன்னும் கடுமையானது, அது கோ-ஆப்டெக்ஸ் அட்டைக்கும் பொருந்தும். படத்தில் ஒருவர்தான். ஆனால் சேலை ஒருவர் கையால் வருவதில்லை. நூலுக்குச் சாயம் போடுபவர் ஒருவர், பாவு ஓட்டுபவர் இன்னொருவர். தெருவில் பாவை நீட்டி விரித்துக் கஞ்சி போடும் இடத்தில் வெயில் ஏறும் முன்னே நாலைந்து பேர் கை கொடுப்பார்கள். பழைய பாவின் முனையோடு புதிய பாவைப் பிணைப்பது தனி வேலை: 3,760 இழை, ஒவ்வொன்றையும் விரலில் முறுக்கி ஒட்ட வேண்டும். பிறகு தார். நாடாவுக்குள் போகிற அந்தச் சின்னக் குச்சிகளில் ஊடை நூலைச் சுற்றித் தருவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், ராட்டையில். நெய்பவருக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. தார் சுற்றிய பெண்ணுக்குப் பல வீடுகளில் தனிக் கூலி கிடையாது, 'வீட்டு வேலை'க் கணக்கில் போய்விடும். விற்பவர்களும் அவளைக் கதையிலிருந்து விட்டுவிட்டால், கூலியில் இல்லாதவள் கதையிலும் இல்லாமல் போகிறாள்.

தோழியை ராட்டையருகே உட்கார்ந்து ஒரு முழுத் தாரும் சுற்றி முடிகிறவரை வெட்டாமல் படமெடுக்கச் சொன்னேன். இசை வேண்டாம், ராட்டைச் சத்தமே போதும். இப்படி ஒரு படத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. தறிக்காட்சியைத் திருடி விசைத்தறிச் சேலைக்கு ஒட்டுகிறவர்கள் அதிகம். ஆனால் அதே சிவப்பு நூல், அதே தார், அதே கரை கடைசியில் விற்கிற சேலையில் தெரிகிற மாதிரி எடுத்தால், திருடியவர் அந்தச் சேலையையும் சேர்த்துத் திருட வேண்டியிருக்கும்.

அவள் போய் எடுத்தாள். ராட்டையில் இருந்த அக்கா முதலில், "என்னைய எதுக்கும்மா, அவுக தறில இருக்காகல்ல, அங்க போயி எடு"ன்னு சொன்னார்களாம். எடுத்து முடித்ததும் வேறொரு கேள்வி கேட்டார்களாம்: "இதுக்கு எனக்கு என்ன தருவ?"

தோழி அதை என்னிடம் கேட்டாள். சேலை விலையில் தார்க் கூலி என்று தனியாக ஒரு தொகை போட்டு, அதை அட்டையில் அச்சிட்டு, அந்த அக்கா கையில் நேராகக் கொடு என்றேன். "விலை கூடும், யாரு வாங்குவா?"ன்னாள். அடுத்த பதினைந்து சேலைக்கு மட்டும் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். பெயரும் படமும் போடலாமா என்பதை அக்காதான் சொல்ல வேண்டும், இன்னும் சொல்லவில்லை.