பத்தா, நூறா?

கல்முனைக்குடியில் சீனி வருத்தத்துக்கு நெடுங்காலம் மருந்தெடுத்து வந்த மூத்தம்மா ஒருவரின் பழைய கிளினிக் கொப்பியை, லண்டனில் அவரைப் பார்க்கவிருந்த வைத்தியருக்காக ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி மகன் வேண்டிக்கொண்டபோது, இன்சுலின் அளவு 100 என்றிருந்ததைக் கண்டு என் பேனா நின்றுவிட்டது. காலை வேளைக்கு நூறு யூனிட் என்பது அந்த மெலிந்த சரீரத்துக்குப் பிராணாபாயம். முந்திய பக்கங்களைப் புரட்டினேன்; 12, 11 என்ற அளவுகளை அடுத்து, யூனிட்டைக் குறிக்கும் ‘யூ’ என்ற ஆங்கில எழுத்து, அவசரத்தில் வாய் மூடிப்போய்ச் சுழியத்தின் ரூபத்திலேயே நின்றது. ஓரத்தில் மகள் பென்சிலால், ‘விடிய பத்து’ என்று தமிழில் குறித்திருந்தாள். அந்தச் சிறு குறிப்பு எனக்கு மகா உபகாரமாயிற்று. ‘10 யூனிட்’ என்று முழுச்சொல்லாகவே ஆங்கிலத்தில் எழுதி, மூலத்தின் தோற்றத்தையும் என் நிர்ணயத்தின் காரணத்தையும் அடிக்குறிப்பில் சேர்த்தேன்.

இரத்தச் சீனி 180 என்றிருந்ததை அப்படியே வைத்து, அங்குள்ள வழக்கப்படி பதினெட்டால் வகுத்து வரும் 10 மில்லிமோலையும் பக்கத்தில் எழுதினேன். மழைநீர் பட்டுக் கரைந்திருந்த ஒரு மாத்திரையின் பெயரை மட்டும் ஊகிக்க மனம் ஒப்பவில்லை. ‘வாசிக்க முடியவில்லை’ என்றே எழுதி, அந்தப் பக்கத்தின் படத்தையும் இணைத்தனுப்பினேன்.