முக்கால் இஞ்ச் வழக்கம்

பெங்களூரு பீன்யாவில் ஓட்டல் அடுக்களைக்கு கேஸ் லைன் போட ஆள் கூப்பிட்டால், அவர் டேப்பை விரிக்கும் முன்பே பைப் அளவைச் சொல்லிவிடுவார். மெயின் முக்கால் இஞ்ச், அடுப்புக்கு இறங்குவது அரை இஞ்ச். எத்தனை தோசைக்கல், எத்தனை அண்டா அடுப்பு, சிலிண்டர் அறை எவ்வளவு தூரம் என்ற கேள்விகளெல்லாம் விலை பேசும்போதுதான் வரும். இட்லி ஸ்டீமரும் தோசைக்கல்லும் செய்யும் பட்டறைகள் இந்தத் தொழிற்பேட்டையில் நிறைய உண்டு. அடுப்பு செய்பவரே லைனும் போட்டுக் கொடுப்பது சகஜம். இந்த வழக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அது ஒரு காலத்துக்குச் சரியாகவே இருந்தது. எந்தக் காலத்துக்கு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கணக்குக்காக ஒரு நடுத்தர அடுக்களையை எடுத்துக்கொள்வோம். இரண்டு தோசைக்கல், ஒரு இட்லி ஸ்டீமர், மூன்று பர்னர் அடுப்பு ஒன்று, சாம்பாருக்கு ஓர் அண்டா அடுப்பு, பால் காய்ச்ச ஒரு சின்ன பர்னர். எல்லாம் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு 7 கிலோ எல்பிஜி என்று வைப்போம். அதாவது ஏறத்தாழ 90 கிலோவாட் வெப்பம். பைப் நீளம், வளைவுகளுக்கும் வால்வுகளுக்கும் உரிய கூடுதல் நீளத்தையும் சேர்த்து 30 மீட்டர்.

சிலிண்டர் பேங்கில் இருக்கும் ரெகுலேட்டர் 1 பார் அழுத்தத்தில் கேஸை அனுப்பினால், கனமான ஜி.ஐ. முக்கால் இஞ்ச் பைப்பில் கடைசி அடுப்பு வரை குறையும் அழுத்தம் 2 மில்லிபார்தான். மெயினையே அரை இஞ்சாகப் போட்டாலும் 9 அல்லது 10 மில்லிபாருக்கு மேல் போகாது. ஆயிரத்தில் பத்து போவது எந்த மாஸ்டரின் கண்ணுக்கும் தெரியாது. அழுத்தம் ஏறும்போது கேஸ் நெருங்கி அடர்த்தியாகிறது. அதே எடை குறைந்த கன அளவில், குறைந்த வேகத்தில் நகர்கிறது. ஹை பிரஷர் லைனில் பைப் அளவைத் தவறாகப் போடுவதே கடினம். செலவு குறைவு, சுவரில் இடம் குறைவு, கேன்டீன் பர்னர் கேட்கும் உறுமலும் கிடைக்கிறது. முக்கால் இஞ்ச் வழக்கம் இந்த மண்ணில்தான் வேர் பிடித்தது.

அதே அழுத்தத்துக்கு ஒரு விலையும் உண்டு. ரப்பர் ஹோஸில் ஒரே அளவு ஓட்டை விழுந்தால், 30 மில்லிபாரில் கசிவதைப் போல ஐந்தாறு மடங்குக்குக் குறையாமல் 1 பாரில் கசியும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு ஊர்ந்து சாக்கடைக் குழியில் தேங்கும். அடுக்களைக்குள் ஹை பிரஷர் வேண்டாம் என்பவர்களின் வாதம் இதுதான். எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் அழுத்தத்தைக் குறைக்கிறவர்கள் பைப்பை மாற்றாமல் விடும்போது வேறொரு வம்பு தொடங்குகிறது.

தாபோல்–பெங்களூரு குழாய் 2013இல் ஓடத் தொடங்கிய பிறகு இயற்கை எரிவாயு நகரத்துக்குள் வந்தது. கெயில் கேஸ் நிறுவனம் தெருக்களில் லைன் இழுத்தது. சிலிண்டர் தூக்கும் வேலை இல்லை, மீட்டர் ஓடிய அளவுக்குப் பணம் என்பதால் மாற விரும்பும் ஓட்டல்காரர்கள் உண்டு. பர்னரையோ ஜெட்டையோ மாற்றிவிட்டு, பழைய பைப்பை அப்படியே மீட்டரோடு இணைத்துவிடத் தோன்றுவது இயல்பு. பைப்பில் ஓட்டை இல்லை, பெயின்ட்கூட நன்றாக இருக்கிறது, பிறகு ஏன் மாற்ற வேண்டும்?

அடுப்புக்கு 21 மில்லிபாரில் கொடுப்பதாக வைத்து அதே அடுக்களையைத் திரும்பக் கணக்கிடுவோம். 90 கிலோவாட்டுக்கு மணிக்கு 9.3 கனமீட்டர் இயற்கை எரிவாயு தேவை. குறைந்த அழுத்த லைனுக்குப் பழைய போல் சூத்திரம் போதும்:

```
Q = 0.0071 × √( d⁵ × h / (s × L) )
```

Q மணிக்குக் கனமீட்டர், d உள்விட்டம் மில்லிமீட்டரில், h அழுத்த இழப்பு மில்லிபாரில், s காற்றோடு ஒப்பிட்ட அடர்த்தி, L நீளம் மீட்டரில். இயற்கை எரிவாயுவுக்கு s சுமார் 0.6. கனமான முக்கால் இஞ்ச் பைப்பின் உள்விட்டம் 20.5 மி.மீ. போட்டுப் பார்த்தால் h 8.5 மில்லிபார் வருகிறது. கையில் இருப்பதே 21. அதில் ஐந்தில் இரண்டு பங்கு வழியிலேயே தீர்ந்துவிடுகிறது. பெங்களூரு கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 920 மீட்டரில் இருப்பதால் இங்கே கேஸ் சற்று விரிந்தே ஓடும். இழப்பு இன்னும் பத்தில் ஒரு பங்கு கூடும். அரை இஞ்ச் மெயின் என்றால் விடை 42 மில்லிபார். நடக்கவே நடக்காது என்று பொருள்.

உண்மையில் அடுப்பு அணைந்துவிடாது. அழுத்தம் குறையக் குறையப் பர்னர் இழுக்கும் கேஸும் குறைந்து, இழப்பும் குறைந்து, எல்லாம் சேர்ந்து 15 மில்லிபார் பக்கம் போய் நிற்கும். வெப்பம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும். இதனால்தான் குறை யாருக்கும் புலப்படுவதில்லை. காலை ஏழரைக்குக் கூட்டம் வரும்போது தோசை முறுகாது. பதினொரு மணிக்கு ஸ்டீமரை நிறுத்தியதும் கல் சரியாகிவிடும். "பைப் கேஸில் சூடு இல்லை" என்று பழி எரிவாயுவின் மேல் விழும்.

சூத்திரத்தில் விட்டம் ஐந்தாம் அடுக்கில் இருப்பதைக் கவனியுங்கள். ஒரு இஞ்ச் போட்டால் 8.5 என்பது 2.75 ஆகிறது, ஒன்றேகால் இஞ்சில் 0.64. இழப்பு 1 மில்லிபாருக்குள் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனில் நெடுநாளாகக் கையாளப்படும் அளவுகோல். அதன்படி இந்த அடுக்களைக்கு வேண்டியது ஒன்றேகால் இஞ்ச். இன்னொரு வழியும் இருக்கிறது: மீட்டருக்குப் பின் அதிக அழுத்தம் கேட்டுப் பெற்று, ஒவ்வோர் அடுப்பு வரிசைக்கும் தனி ரெகுலேட்டர் வைப்பது. பழைய பைப் தப்பும். ரெகுலேட்டர்களின் எண்ணிக்கையும் பராமரிப்பும் கூடும். எண்ணெய்ப் புகையில் ரெகுலேட்டரின் மூச்சுத் துளை அடைபடும் என்பதால் அடுக்களைக்குள் இதை அரைமனதாகத்தான் ஏற்பேன்.

இந்த இரண்டையும் விட்டு, களத்தில் கைவரும் மூன்றாவது வைத்தியம்தான் மோசமானது. சூடு போதவில்லை என்றதும் ஜெட்டைத் துளைத்துப் பெரிதாக்கிவிடுவார்கள். கூட்ட நேரத்தில் அது சரியாகத் தெரியும். மற்ற அடுப்புகள் நின்றதும் அழுத்தம் 21க்குத் திரும்பும். பெரிதாக்கிய ஜெட் பர்னருக்குத் தாங்காத அளவு கேஸைத் தள்ளும். சுடர் மஞ்சளாகும், பாத்திரத்தின் அடி கரியாகும், கார்பன் மோனாக்சைடு கூடும்.

சூடு குறைந்தால் குற்றவாளி பைப்தான் என்று முடிவுகட்டவும் கூடாது. சிலிண்டரில் ஓடும் அடுக்களையில் வேறொரு காரணம் முந்திக்கொள்ளும். உரிமம் இல்லாமல் 100 கிலோ வரை எல்பிஜி வைத்துக்கொள்ளலாம் என்பதால் 19 கிலோ சிலிண்டர் ஐந்தை வரிசையாக வைப்பார்கள். ஒரு சிலிண்டரிலிருந்து தொடர்ச்சியாக ஆவியாகி வருவது மணிக்கு ஒரு கிலோவுக்கும் குறைவு. 7 கிலோ கேட்கும் அடுக்களைக்கு ஐந்து சிலிண்டர் போதாது. மார்கழிக் காலையில் நிச்சயம் போதாது. சிலிண்டரின் கீழ்ப்பகுதி வியர்த்து உறைபனி படிந்தால் பைப்பை மாற்றிப் பயனில்லை.

குறைந்த அழுத்த லைனில் பிரித்தறிய நீர் நிரப்பிய யு-குழாய் மானோமீட்டர் போதும். 1 மில்லிபார் என்பது சுமார் 10 மி.மீ. நீர்மட்டம். எல்லா அடுப்பையும் எரியவிட்டு ரெகுலேட்டருக்குப் பின்னும், கடைசி அடுப்பின் முன்னும் பார்க்க வேண்டும். முதல் இடத்திலேயே குறைந்தால் குறை ரெகுலேட்டரிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. அங்கே 21 நின்று கடைசியில் 15 காட்டினால் பைப். எல்லாவற்றையும் மூடியபின் அழுத்தம் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ரெகுலேட்டரின் இருக்கை தேய்ந்துவிட்டது. இரவெல்லாம் ஹோஸ் தாங்கும் அழுத்தம் அதுதான்.

பைப் அளவு பாதுகாப்பு வால்வையும் கெடுக்கும் என்பது அதிகம் பேசப்படாத விஷயம். ஹோஸ் கழன்றால் தானே மூடிக்கொள்ளும் மிகைப்பாய்ச்சல் வால்வை மெயினில் வைப்பதுண்டு. சாதாரணத் தேவையைப் போல் ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 14 கனமீட்டர் ஓடினால் மூடும்படி அமைத்திருப்பதாகக் கொள்வோம். முக்கால் இஞ்ச் மெயினின் கோடியில் ஆறு மீட்டர் அரை இஞ்ச் கிளை. மற்ற அடுப்புகள் அணைந்திருக்கும்போது அந்தக் கிளையின் ஹோஸ் முழுவதும் கழன்றுவிட்டால், 21 மில்லிபார் அழுத்தம் அந்தப் பைப்பில் தள்ளக்கூடியது 11 கனமீட்டர்தான். வால்வுக்கு அது வழக்கமான ஓட்டமாகத் தெரியும். மூடாது. மெயின் ஒன்றேகாலும் கிளை முக்காலும் என்றால் அதே விபத்தில் 28 வரை பாயும். வால்வு உடனே அடித்து மூடும். பழைய 1 பார் லைனில் அரை இஞ்ச் கிளையோடும் வேலை செய்திருக்கும் வால்வு, அழுத்தம் குறைந்த பிறகு வெறும் பித்தளைத் துண்டு.

ரெகுலேட்டரோடு வரும் அவசர அடைப்பான்களின் கதை வேறு. அழுத்தம் எல்லை மீறி ஏறினாலும், குறித்த அளவுக்குக் கீழே விழுந்தாலும் அவை மூடிக்கொள்ளும். கையால்தான் திறக்க வேண்டும். தேவைக்குச் சிறிய ரெகுலேட்டர் என்றால் விடியற்காலை எல்லா அடுப்பையும் பற்றவைக்கும்போதே கீழ் எல்லை தட்டி அடைந்துவிடும். இரண்டு நாள் இப்படி நடந்தால் மூன்றாம் நாள் யாராவது அதைக் கம்பி வைத்துக் கட்டிவிடுவார்கள், அல்லது பைபாஸ் போடுவார்கள். ஆளைத் திட்டிப் பயனில்லை. அளவு தவறான ரெகுலேட்டர்தான் அவரை அங்கே தள்ளியது. மேல் எல்லை அடைப்பான் எதற்கு என்பவர்களுக்கு 2018 செப்டம்பர் 13 நினைவிருக்கட்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், லாரன்ஸ் வட்டாரம். துண்டித்துக் கைவிடப்பட்ட பழைய குழாயிலேயே ரெகுலேட்டர்களின் உணர்குழாய்கள் இருந்தன. அதில் அழுத்தம் விழுந்ததும் அவை வாயை அகலத் திறந்து வீடுகளுக்குள் அதிக அழுத்தத்தைத் தள்ளின. ஒருவர் இறந்தார், இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். காவலுக்கு இருந்த இரண்டாவது ரெகுலேட்டரும் அதே பழைய குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கசிவு உணரியையும் சொல்லிவிடலாம். எல்பிஜிக்குத் தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் வைத்தது, இயற்கை எரிவாயுவுக்குக் கூரையருகே போக வேண்டும். அது காற்றைவிட இலேசானது. எந்த வாயுவுக்கு அளவு திருத்தியது என்றும் பார்க்க வேண்டும். எரிவாயுவை மாற்றிவிட்டு உணரியைக் கணுக்கால் உயரத்திலேயே விட்டால், சோலனாய்டு வால்வுக்கு மூடச் சொல்லி ஆணை வராது.

பைப் ஒருவர், ரெகுலேட்டர் ஒருவர், அடைப்பான் இன்னொருவர் என்று பிரித்துக் கொடுப்பதே இந்த நடைமுறையின் பெருங்குறை. மூன்றும் ஒரே கணக்கின் விடைகள். ஹை பிரஷர் எல்பிஜிக்கு முக்கால் இஞ்ச் வழக்கம் இன்றும் செல்லும். 21 மில்லிபாருக்கு அது செல்லாது. ஓட்டல் வைத்திருப்பவர்கள் லைன் போட்டவருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், எல்லா அடுப்பையும் எரியவிட்டுக் கடைசி அடுப்பின் முன் மானோமீட்டரில் வரும் எண்ணைக் காட்டச் சொல்லி, பில்லின் பின்புறத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.