பாதி போன ஆர்டர்

பிசினஸ் அனலிஸ்ட் நேர்காணலில் பலரும் ரசிப்பது கடைசியில் எழுதிக் காட்டும் யூசர் ஸ்டோரியை. எனக்கு அதற்கு முந்தைய கட்டம்தான் விருந்து. பேனலில் ஒருவர் பிடிகொடுக்காத கிளையன்ட்டாக வேஷம் கட்டி, "எல்லாம் ஒரே இடத்துல தெரியற மாதிரி ஒரு டாஷ்போர்டு வேணும்" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்காருவாரே, அங்கிருந்து.

"ஏன், ஏன்" என்று ஐந்து முறை தோண்டுவதுதான் உயர்ந்த பாணி என்பார்கள் சில நண்பர்கள். பழுதான இயந்திரத்துக்கு அது பொருந்தும். மனிதரிடம் கேட்டால் காரணத்தை அந்த இடத்திலேயே ஜோடித்துச் சொல்லிவிடுவார். நேர்காணலுக்கு வந்தவர்களில் நான் கொண்டாடும் ஒரு பெண் டாஷ்போர்டு பேச்சையே எடுக்கவில்லை. "கடைசியா எப்போ சார் இது இல்லாம கஷ்டப்பட்டீங்க?" என்று கேட்டார்.

"போன திங்கட்கிழமை. சரக்கு வரலைன்னு டீலர் போன்ல கத்தினார். எனக்கே அப்பதான் தெரியும்."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

"நானே கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன்."

அவ்வளவுதான். 'எல்லாம்' என்பது தாமதமான ஆர்டர்களாகச் சுருங்கிவிட்டது. அந்தப் பெண் எழுதியது: 'டெஸ்பாட்ச் மேலாளராக, வாக்களித்த தேதி கடந்தும் கிளம்பாத ஆர்டர்களைக் காலை 9 மணிக்கு நான் பார்க்க வேண்டும்; டீலர் கூப்பிடுமுன் நானே அவரிடம் சொல்வதற்காக.' கடைசிப் பகுதியைப் பாருங்கள். டீலரின் தொலைபேசி எண் அந்தத் திரையிலேயே இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து தானாகவே வந்து விழுகிறது. வண்ண வண்ண வரைபடம் எதற்கும் அங்கே வேலையில்லை.

ஏற்பு நிபந்தனைகளுக்கு வந்தார். ரத்தான ஆர்டர் பட்டியலில் வரக்கூடாது. அதிக நாள் தாமதமானது மேலே வர வேண்டும். இதுவரை யாரும் எழுதுவார்கள். பிறகு பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "நூறு பெட்டியில அறுபது போயிடுச்சு, நாற்பது நிக்குது. இது தாமதமா, இல்லையா?"

வேஷக்காரர் வேஷத்தை மறந்துவிட்டார். "அது... டீலரைப் பொறுத்துங்க" என்றார். பதில் தெளிவில்லை என்று அந்தப் பெண் மல்லுக்கட்டவில்லை. பாதி போன ஆர்டரைத் தனி ஸ்டோரியாகப் பிரித்தார். எந்த டீலர் பாதிச் சரக்கை ஏற்பார் என்பதை விற்பனைப் பிரிவிடம் கேட்க வேண்டும் என்று அதன் கீழே குறித்தார். முதல் ஸ்டோரியில், ஒரு பெட்டிகூடக் கிளம்பாத ஆர்டர் மட்டும் என்று வரம்பு கட்டினார். டெஸ்டர் ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம். டெவலப்பர் ஊகிக்க ஒன்றுமில்லை.

யூசர் ஸ்டோரிக்கு ரான் ஜெஃப்ரீஸ் 2001இல் சொன்னது மூன்று: அட்டை, உரையாடல், உறுதிசெய்தல். இப்போது வருகிறவர்களிடம் நடுவில் உள்ளதைக் காணோம். பில் வேக்கின் INVESTஐ எழுத்துக்கு எழுத்து ஒப்பிக்கிறார்கள். அதே டாஷ்போர்டைக் கேட்டபோது அண்மையில் ஒருவர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் எழுதிக் கொடுத்தார்: 'பயனராக, எனக்கு ஒரு டாஷ்போர்டு வேண்டும், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்ப்பதற்காக.' வடிவம் கச்சிதமாக இருக்கிறது என்று பேனலில் ஒருவர் அவருக்கு முழு மதிப்பெண் போட்டார்.